கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு: கார்பனின் பிணைப்புக் கோணங்கள் எங்கிருந்து வருகின்றன

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் இனக்கலப்பு பற்றிய பாடம் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது. மீத்தேன் என்றால் sp³, 109.5°, ஈத்தீன் என்றால் sp², 120°, ஈத்தைன் என்றால் sp, 180°. மாணவர்கள் இதை எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், தேர்விலும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் இனக்கலப்பின் பெயருக்கும் அந்தக் கோணத்துக்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் கேட்கும்போது எனக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதால் அவை இயன்றவரை தள்ளி நிற்கின்றன. இந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதைச் சொல்வதற்கு இனக்கலப்பு என்ற கருத்தே தேவையில்லை. நான்கு இரட்டைகள் நான்முகியின் முனைகளை நோக்கியும், மூன்று ஒரு தளத்திலும், இரண்டு எதிரெதிராகவும் நிற்கும் என்பதை ஆர்பிட்டால் என்ற சொல்லையே உச்சரிக்காமல் விளக்கிவிடலாம். அப்படியானால் s ஆர்பிட்டாலும் p ஆர்பிட்டால்களும் கலப்பதைப் பற்றி இத்தனை பக்கங்கள் எதற்கு?

கலவையின் விகிதத்துக்குள்ளேயே கோணம் அடங்கியிருக்கிறது என்பதுதான் இதற்கு விடை. ஒரு கலப்பு ஆர்பிட்டாலில் s எத்தனை பங்கு இருக்கிறது என்று தெரிந்தால், அதைப் போன்ற மற்றொரு கலப்பு ஆர்பிட்டால் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரே வரிக் கணக்கில் சொல்லிவிடலாம். அந்த வரிக்குக் கோசைன் அட்டவணையைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. இருந்தும் பள்ளிப் பாடம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

முதலில் கார்பன் அணுவைத் தனியாக எடுத்துக்கொள்வோம். அதன் வெளிக்கூட்டில் 2s ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களும், 2p ஆர்பிட்டால்களில் இரண்டு எலக்ட்ரான்களும் உள்ளன. இந்த நிலையில் இணையில்லாத எலக்ட்ரான்கள் இரண்டே என்பதால் இரண்டு பிணைப்புகளைத்தான் எதிர்பார்க்க முடியும். 2s எலக்ட்ரான்களில் ஒன்றை வெறுமையாக உள்ள 2p ஆர்பிட்டாலுக்கு உயர்த்தினால் இணையில்லாத எலக்ட்ரான்கள் நான்கு கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 4.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் செலவாகும். ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகும்போது மீத்தேனில் சராசரியாக 415 கிலோஜூல் கிடைக்கிறது என்பதையும், கூடுதலாகக் கிடைப்பவை இரண்டு பிணைப்புகள் என்பதையும் பார்த்தால் அந்தச் செலவு எளிதில் ஈடாகிவிடுகிறது. ஆனால் ஆற்றல் கணக்கு சரியாக வந்தாலும் வடிவக் கணக்கு இடிக்கிறது. கலக்காமல் விட்டால், மூன்று ஹைட்ரஜன்கள் ஒன்றுக்கொன்று 90° கோணத்தில் உள்ள மூன்று p ஆர்பிட்டால்களோடு பிணைய வேண்டும். நான்காவது ஹைட்ரஜன் திசையே இல்லாத s ஆர்பிட்டாலோடு எங்கோ ஒட்டிக்கொள்ள வேண்டும். மீத்தேன் அப்படிப்பட்டதல்ல என்பது ஆர்பிட்டால்கள் பற்றி யாரும் பேசாத காலத்திலேயே தெரிந்திருந்தது. 1874இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன என்று முன்வைத்தார்கள். CH₂Cl₂ என்ற சேர்மத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் கிடைக்கிறது என்பது அதற்கு நல்ல சான்று. நான்கு பிணைப்புகளும் சதுரமாக ஒரே தளத்தில் இருந்திருந்தால், குளோரின்கள் அடுத்தடுத்த மூலைகளில் உள்ளது ஒன்று, எதிர் மூலைகளில் உள்ளது ஒன்று என இரண்டு மாற்றியங்கள் கிடைத்திருக்க வேண்டும். அந்த நான்முகியைக் குவாண்டம் இயங்கியலின் மொழியில் எப்படிப் பெறுவது என்பதற்கு 1931இல் லைனஸ் பாலிங்கும் ஜான் ஸ்லேட்டரும் தனித்தனியே கண்ட வழிதான் s ஆர்பிட்டாலையும் p ஆர்பிட்டால்களையும் கலப்பது.

கலப்பது என்றால் இரண்டு அலைச்சார்புகளைப் புள்ளிக்குப் புள்ளி கூட்டுவது. s ஆர்பிட்டால் எல்லாத் திசைகளிலும் ஒரே மதிப்பும் ஒரே குறியும் கொண்டது. p ஆர்பிட்டாலுக்கு இரண்டு மடல்கள் உண்டு. ஒன்றின் குறி கூட்டல், மற்றதன் குறி கழித்தல். இரண்டையும் கூட்டினால், கூட்டல் மடல் உள்ள பக்கம் பருக்கிறது. எதிர்ப்பக்கம் s இன் கூட்டல் மதிப்பும் p இன் கழித்தல் மதிப்பும் ஒன்றையொன்று தின்று சிறுக்கின்றன. இப்படி ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக உள்ள ஆர்பிட்டால், ஹைட்ரஜன் இருக்கும் திசையில் அதிகமாக நீண்டு, அதன் ஆர்பிட்டாலோடு நன்றாக மேற்பொருந்துகிறது. திசை சார்ந்த உச்ச மதிப்பை s க்கு 1 என்று வைத்துக்கொண்டால் p க்கு அது 1.73 ஆகவும், sp³ கலப்புக்குச் சரியாக 2 ஆகவும் வருகிறது. பாலிங் இந்த எண்ணைத்தான் பிணைப்பின் வலிமைக்கு அளவுகோலாகப் பயன்படுத்தினார். பின்னாளில் அந்த அளவுகோல் அப்படியே நிலைக்கவில்லை என்றாலும், ஏன் கலக்க வேண்டும் என்பதற்கு இன்றும் இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

இனி கோணத்துக்கு வருவோம். ஒரு கலப்பு ஆர்பிட்டாலில் s இன் பங்கு a என்று வைத்துக்கொள்வோம். மீதி 1 − a பங்கு p. பங்கு என்பது அலைச்சார்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கூட்டும்போது இவற்றின் வர்க்கமூலங்களைக் கெழுக்களாக எழுத வேண்டும்:

h = √a · s + √(1−a) · p

இதே கலவை கொண்ட இன்னொரு கலப்பு ஆர்பிட்டால், முதலாவதிலிருந்து θ கோணம் விலகிய திசையை நோக்கி இருக்கிறது. ஒரே அணுவில் உள்ள இந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று முற்றிலும் வேறானவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டின் மதிப்புகளையும் ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்கி வெளி முழுவதும் கூட்டினால் விடை பூச்சியமாக வேண்டும். பெருக்கிப் பார்ப்போம். s ஐ s ஆல் பெருக்கிக் கூட்டினால் 1. s ஐ p ஆல் பெருக்கினால், கூட்டல் மடலும் கழித்தல் மடலும் சரிக்குச் சரி ஈடாகிவிடுவதால் பூச்சியம். p ஐ p ஆல் பெருக்கும் இடத்தில்தான் கோணம் நுழைகிறது. p ஆர்பிட்டால் ஒரு திசையனைப் போல நடந்துகொள்வது. ஏதோ ஒரு சாய்ந்த திசையில் உள்ள p ஐ, px, py, pz ஆகியவற்றின் கூட்டாக, அந்தத் திசையின் கூறுகளைக் கொண்டே எழுதிவிடலாம். ஆகவே θ கோண இடைவெளியில் உள்ள இரண்டு p ஆர்பிட்டால்களின் பெருக்கற்கூட்டு, இரண்டு அலகுத் திசையன்களின் புள்ளிப் பெருக்கலைப் போலவே cosθ ஆகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பது இவ்வளவுதான்:

a + (1−a) cosθ = 0

cosθ = −a / (1−a)

கூல்சன் தேற்றம் என்று புத்தகங்கள் குறிப்பிடுவது இதைத்தான். sp³ என்றால் ஒரு s க்கு மூன்று p, ஆகவே a க்குக் கால் பங்கு என்று இட்டால் cosθ = −1/3, கோணம் 109.5°. மூன்றில் ஒரு பங்கு என்று இட்டால் −1/2, கோணம் 120°. அரைப் பங்கு என்று இட்டால் −1, கோணம் 180°. அட்டவணையில் உள்ள மூன்று கோணங்களும் இந்த ஒரே வரியிலிருந்து வந்துவிட்டன.

வரியை மனத்தில் ஏற்றுவதைவிட, s கூடினால் கோணம் ஏன் விரிகிறது என்பதை அது எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. இரண்டு கலப்பு ஆர்பிட்டால்களிலும் s என்ற பொதுவான பகுதி இருக்கிறது. s க்குத் திசை இல்லாததால் அந்தப் பகுதி இரண்டிலும் ஒரே மாதிரியானது. அதனால் இரண்டையும் பெருக்கும்போது a என்ற கூட்டல் எண்ணைத் தவிர்க்கவே முடியாது. அதை ஈடுகட்ட p பகுதிகளிலிருந்து ஒரு கழித்தல் எண் வர வேண்டும். p பகுதிகளின் பெருக்கல் கழித்தலாக வேண்டுமானால் அவை 90° ஐ விட அதிகமாகத் திரும்பி நிற்க வேண்டும். s எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஈடுகட்ட வேண்டிய தொகையும் கூடுகிறது, அதே வேளையில் ஈடுகட்ட உள்ள p குறைகிறது. ஆகவே இன்னும் அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அரைப் பங்கில் இருக்கும் p முழுவதும் நேர் எதிராகத் திரும்பினால்தான் கணக்கு நேராகும். s அறவே இல்லாவிட்டால் ஈடுகட்ட எதுவும் இல்லை, p ஆர்பிட்டால்கள் தம் இயல்பான 90° கோணத்திலேயே நின்றுவிடும்.

மீத்தேனில் இதைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கனசதுரத்தின் மையத்தில் கார்பனை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு மூலைகளில் ஹைட்ரஜன்களை வைத்தால் நான்முகி கிடைக்கும். அந்த நான்கு திசைகளுக்கான கலப்பு ஆர்பிட்டால்கள் இவை:

h₁ = ½ (s + px + py + pz)
h₂ = ½ (s + px − py − pz)
h₃ = ½ (s − px + py − pz)
h₄ = ½ (s − px − py + pz)

ஒவ்வொன்றிலும் ½ இன் வர்க்கமான கால் பங்குதான் s. முதல் இரண்டைப் பெருக்கினால், s பகுதி ¼, px பகுதி ¼, py, pz பகுதிகள் தலா −¼, கூட்டினால் பூச்சியம். திசையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால், (1, 1, 1), (1, −1, −1) ஆகியவற்றின் புள்ளிப் பெருக்கல் −1. ஒவ்வொன்றின் நீளமும் √3 என்பதால் கோசைன் −1/3. எந்த இரண்டை எடுத்தாலும் இதே விடைதான். இந்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி தேவைப்படும்.

ஈத்தீனில் கார்பன் ஒரு p ஆர்பிட்டாலைக் கலவையில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அந்த p, அடுத்த கார்பனின் p ஆர்பிட்டாலோடு பக்கவாட்டில் மேற்பொருந்திப் பை பிணைப்பை உருவாக்குகிறது. மீதி உள்ள ஒரு s, இரண்டு p ஆகியவற்றிலிருந்து மூன்று கலப்பு ஆர்பிட்டால்கள் கிடைக்கின்றன. கலந்தவை ஒரே தளத்தில் உள்ள இரண்டு p என்பதால் மூன்றும் அந்தத் தளத்தைவிட்டு வெளியேற வழியில்லை. ஈத்தைனில் இரண்டு p ஆர்பிட்டால்கள் ஒதுங்கிக்கொள்ள, கலவைக்கு எஞ்சுவது ஒரு திசை மட்டுமே.

இந்த இடத்தில் ஈத்தைனைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் 180° கோணத்தைப் பார்த்து, கார்பன் தன் s ஐச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டு கலப்பு ஆர்பிட்டால்களின் s பங்குகள் வெவ்வேறாக இருந்தால் நம் சமன்பாடு இப்படி மாறுகிறது:

cosθ = −√[ a₁/(1−a₁) × a₂/(1−a₂) ]

ஈத்தைனில் இரண்டு பங்குகளையும் கூட்டினால் 1 என்பதால் a₂ = 1 − a₁. இட்டுப் பாருங்கள்: அடைப்புக்குள் உள்ள இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வந்து, எந்தப் பிரிவினையாக இருந்தாலும் விடை −1 தான். நாற்பதும் அறுபதுமாகப் பிரித்தாலும் ஈத்தைன் நேர்கோடாகவே இருக்கும். பிரிவினையின் அளவைத் தெரிந்துகொள்ள வேறு சாட்சி வேண்டும்.

ஈத்தீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் கோணம் பிரிவினையைப் பற்றிப் பேசுகிறது. பாடப்புத்தகம் 120° என்று அச்சிட்டாலும், அளந்து பார்த்தால் ஈத்தீனில் ஹைட்ரஜன்–கார்பன்–ஹைட்ரஜன் கோணம் சுமார் 117.4°, ஹைட்ரஜன்–கார்பன்–கார்பன் கோணம் சுமார் 121.3°. இரண்டரை டிகிரி வேறுபாடுதானே என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் மூன்று பிணைப்புகளும் ஒரே மாதிரியாக இருந்தால் மட்டுமே 120° வர வேண்டும். இங்கே இரண்டு பிணைப்புகள் ஹைட்ரஜனோடும் ஒன்று கார்பனோடும் இருக்கின்றன, அவை ஒரே அளவு s ஐப் பெற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கார்பனிடம் இருப்பது ஒரே ஒரு s. அது பாகப்பிரிவினைக்கு வந்த ஒரு காணி நிலம் போன்றது, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைந்தே தீரும்.

கோணத்திலிருந்து பங்கைக் கண்டுபிடிப்போம். 117.4° இன் கோசைன் −0.460. ஹைட்ரஜன்களை நோக்கிய இரண்டு கலப்பு ஆர்பிட்டால்களும் ஒரே மாதிரியானவை என்பதால் முதல் சமன்பாட்டையே பயன்படுத்தலாம்; a/(1−a) = 0.460 என்றால் a = 0.460/1.460, அதாவது 0.315. ஆக, ஒவ்வொரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கும் கார்பன் கொடுத்திருப்பது 33.3 சதவீதம் அல்ல, 31.5 சதவீதம் s. இரண்டுக்கும் சேர்த்து 63 சதவீதம் போக, கார்பன்–கார்பன் சிக்மா பிணைப்புக்கு எஞ்சுவது 37 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் இரண்டாவது சமன்பாட்டில் இட்டால், 0.460ஐ 0.587ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 0.52 கிடைக்கிறது, கோசைன் −0.52 ஆக உள்ள கோணம் 121.3°. அளந்த எண்ணே வந்துவிட்டது. இதைப் பார்த்துப் பெரிதாக வியக்க வேண்டியதில்லை. மூன்று கோணங்களும் ஒரு தளத்தில் 360° ஆகத்தான் வேண்டும் என்பதால், 117.4° போக மீதியில் பாதி 121.3° என்று கணக்கே இல்லாமல் சொல்லிவிடலாம். சமன்பாடு தனக்குத்தானே முரண்படவில்லை என்பதற்கு மட்டுமே இது சான்று.

உண்மையான சோதனை கோணத்தோடு தொடர்பே இல்லாத வேறோர் அளவீட்டிலிருந்து வர வேண்டும். அது அணுக்கரு காந்த ஒத்திசைவிலிருந்து வருகிறது. இயற்கையில் கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய அளவு கார்பன்-13. அதன் அணுக்கரு ஒரு சிறு காந்தம் போன்றது. தன்னோடு பிணைந்துள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் நிறமாலைக் கோட்டை அது இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பிளவின் அகலம் ஹெர்ட்ஸில் அளக்கப்படுகிறது. இரண்டு அணுக்கருக்களுக்கும் இடையில் செய்தியைக் கொண்டுபோவது பிணைப்பு எலக்ட்ரான்கள். அவை அணுக்கரு இருக்கும் புள்ளியிலேயே ஓரளவு அடர்த்தியோடு இருந்தால்தான் அந்தச் செய்தி வலுவாகச் சேரும். p ஆர்பிட்டாலுக்கு அணுக்கருவில் மதிப்பு பூச்சியம். s ஆர்பிட்டாலுக்கு அங்கேதான் உச்சம். ஆகவே பிணைப்பில் கார்பனின் s பங்கு கூடக்கூடப் பிளவும் அகல வேண்டும். 1959இல் முல்லரும் பிரிட்சார்டும் இதை ஓர் எளிய விதியாக எழுதினார்கள்: பிளவை 500ஆல் வகுத்தால் s பங்கு கிடைக்கும்.

மீத்தேனில் அளந்த பிளவு 125 ஹெர்ட்ஸ். வகுத்தால் சரியாகக் கால் பங்கு. 500 என்ற எண்ணே மீத்தேனுக்கு ஒத்துவரும்படி அமைந்தது என்பதால் இதில் வியப்பில்லை. ஈத்தைனில் 249 ஹெர்ட்ஸ், வகுத்தால் 49.8 சதவீதம். கோணம் சொல்ல மறுத்த பிரிவினையை இது சொல்லிவிடுகிறது: ஈத்தைனில் ஏறக்குறைய சரிபாதி. ஈத்தீனில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 167 ஹெர்ட்ஸ் வர வேண்டும். அளந்தால் வருவது 156. வகுத்தால் 31.2 சதவீதம். கோணத்திலிருந்து நாம் பெற்றது 31.5. ஒன்று மூலக்கூறு சுழலும் விதத்திலிருந்து பெற்ற வடிவம், மற்றொன்று காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் ஒன்றையொன்று உணரும் அளவு, இரண்டும் 33.3ஐ விட்டு ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே தொலைவு விலகி நிற்கின்றன. இனக்கலப்பு வெறும் பெயர்ச்சூட்டல் அல்ல என்று ஒருவரை நம்பவைக்க வேண்டுமானால், நான் காட்டுவது மீத்தேனின் 109.5° ஐ அல்ல, ஈத்தீனின் இந்த இரண்டு எண்களைத்தான்.

ஹைட்ரஜன்களுக்கு s ஏன் குறைந்தது என்று கேட்டால், இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை நெருக்குகின்றன என்பது வழக்கமான விடை. கலவையின் மொழியில் சொன்னால், பை பிணைப்பு இரண்டு கார்பன்களையும் 134 பிகோமீட்டர் தொலைவுக்கு இழுத்துவைத்திருக்கிறது. அந்தக் குறுகிய சிக்மா பிணைப்புக்கு s அதிகமாக உள்ள, அணுக்கருவை ஒட்டிய ஆர்பிட்டால் பொருந்தும். இரண்டும் ஒரே நிகழ்வை இரண்டு பக்கமிருந்து சொல்பவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

s பங்கின் பிற விளைவுகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். s எலக்ட்ரான்கள் அணுக்கருவை நெருங்கி, ஆற்றல் தாழ்ந்து இருப்பவை. அதனால் மீத்தேனில் 109 பிகோமீட்டராக உள்ள கார்பன்–ஹைட்ரஜன் நீளம் ஈத்தைனில் 106 ஆகக் குறைகிறது. ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு வெளியேறினால், எஞ்சும் இரட்டை ஈத்தைனில் பாதி s உள்ள ஆர்பிட்டாலில் ஓரளவு நிம்மதியாக இருக்க முடியும். ஈத்தைனின் pKa 25ஐ ஒட்டியும், ஈத்தீனுடையது 44ஐ ஒட்டியும், மீத்தேனுடையது 50ஐ ஒட்டியும் இருப்பது இதனால்தான். சோடமைடு ஈத்தைனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துவிடும். ஈத்தீனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் ஈத்தைனைச் செலுத்தினால் வெண்ணிற வீழ்படிவு வருவதும் இந்த அமிலத்தன்மையால்தான். அந்த வீழ்படிவைக் காயவிடக் கூடாது, உலர்ந்தால் வெடிக்கும்.

இனி இந்தச் சமன்பாடு எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். cosθ = −a/(1−a) என்பதில் வலப்பக்கம் ஒருபோதும் கூட்டல் எண்ணாக முடியாது; s, p இரண்டை மட்டும் கலந்து 90° ஐ விடக் குறுகிய கோணத்தைப் பெறவே முடியாது என்பது இதன் பொருள். ஆனால் வளைய புரொப்பேனில் கார்பன்கள் 60° முக்கோணமாக நிற்கின்றன. அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிளவு 161 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் 32 சதவீதம் s போனால், இரண்டு கார்பன்–கார்பன் பிணைப்புகளுக்கும் தலா 18 சதவீதம்தான் மிஞ்சும். அதற்கு உரிய கோணம் 102° அல்லது 103°. அணுக்கருக்களை இணைக்கும் கோடுகளோ 60° இல் நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு கலப்பு ஆர்பிட்டாலும் கோட்டைவிட்டு ஏறத்தாழ 21° வெளிப்புறமாகத் திரும்பி நிற்க, பிணைப்பு வில்லாக வளைகிறது. சமன்பாடு இங்கே பொய்க்கவில்லை. ஆர்பிட்டால்களுக்கு இடையிலான கோணமும் அணுக்கருக்களுக்கு இடையிலான கோணமும் ஒன்றே என்று நாம் சொல்லாமல் எடுத்துக்கொண்டதுதான் பொய்த்தது. 500ஆல் வகுக்கும் விதிக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. குளோரோஃபார்மில் பிளவு 209 ஹெர்ட்ஸ். வகுத்தால் 42 சதவீதம் வரும், ஆனால் குளோரின்–கார்பன்–குளோரின் கோணம் 111° ஐ ஒட்டி இருப்பதைக் கொண்டு கணக்கிட்டால் ஹைட்ரஜனுக்கு 21 சதவீதத்தை ஒட்டித்தான் மிஞ்சுகிறது. எலக்ட்ரானை இழுக்கும் அணுக்கள் வந்ததும் பிளவு வேறு காரணங்களாலும் அகன்றுவிடுகிறது. ஹைட்ரோகார்பன்களைத் தாண்டினால் இந்த விதியைக் கையில் எடுக்காதிருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இனக்கலப்பின் மீது நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மீத்தேனில் நான்கு பிணைப்புகளும் சமம் என்றால், அதன் எட்டு இணைதிறன் எலக்ட்ரான்களும் ஒரே ஆற்றலில் இருக்க வேண்டும் அல்லவா? ஒளி எலக்ட்ரான் நிறமாலை அப்படிக் காட்டுவதில்லை. எலக்ட்ரானை வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 14 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒரு பட்டையும், 23ஐ ஒட்டி இன்னொரு பட்டையுமாக இரண்டு இடங்களில் தெரிகிறது. முதலாவது மூன்று ஆர்பிட்டால்களுக்கு உரியது, இரண்டாவது ஒன்றுக்கு. இதைக் கண்டதும் sp³ என்பதே கட்டுக்கதை என்று அறிவித்துவிடுபவர்கள் உண்டு.

முன்பு எழுதிவைத்த நான்கு வரிகளை இப்போது எடுங்கள். நான்கையும் கூட்டினால், px, py, pz எல்லாம் கூட்டலும் கழித்தலுமாக அடிபட்டுப் போய், s மட்டும் மிஞ்சுகிறது. முதல் இரண்டைக் கூட்டிப் பின் இரண்டைக் கழித்தால், s, py, pz மூன்றும் போய் px மட்டும் மிஞ்சுகிறது. இப்படியே இன்னும் இரண்டு விதமாகக் கூட்டிக் கழித்தால் py யும் pz உம் தனித்தனியே வரும். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்திருப்பதில்லை. ஓர் எலக்ட்ரானை வெளியே பிடுங்கும்போது ஏற்படும் வெற்றிடம் ஏதோ ஒரு பிணைப்பில் மட்டும் தங்குவதில்லை, நான்கிலும் பரவுகிறது. அது பரவக்கூடிய வழிகள் நான்கு. அவற்றில் ஒன்றில் கார்பனின் s மட்டும் பங்கேற்கிறது, மற்ற மூன்றில் p மட்டும். s ஆழத்தில் இருப்பது, ஆகவே 23. p மேலே இருப்பது, ஆகவே 14. மூன்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு sp³ இன் நான்கு வரிகளிலேயே இருந்தது. எட்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து வெளியில் எங்கெங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று கேட்டால், கலப்பு ஆர்பிட்டால்களைக் கொண்டு கணக்கிட்டாலும் பரவிய ஆர்பிட்டால்களைக் கொண்டு கணக்கிட்டாலும் விடையில் மாற்றமில்லை. பிணைப்பின் திசை, நீளம், கோணம், அருகிலுள்ள அணுக்கருவின் உணர்வு ஆகியவற்றைக் கேட்பவர் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கேட்பவருக்கு இரண்டாவதுதான் உதவும்.